பாதிப் படியில் இருப்பது வெப்பநிலை இல்லை

நான் கொழும்பில் ஒரு சிறிய கட்டமைப்பு ஆலோசனை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு உயர்மாடிக் கட்டடத்தில், பைல்களின் தலைகளைச் சேர்த்து ஊற்றும் பெரிய கொங்கிரீட் கட்டையான பைல் கேப்புக்கு வெப்பக் கணக்கு என் மேசைக்கு வந்தது. 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் ஆழம், நீளம் அதைவிடப் பல மடங்கு. அவ்வளவு கொங்கிரீட்டை ஒரே இரவில் ஊற்றினால் சீமெந்து நீரோடு சேரும்போது பிறக்கும் சூடு நடுவில் மாட்டிக்கொள்ளும். உள்ளே 70 பாகை தாண்டக் கூடாது, நடுவுக்கும் மேற்பரப்புக்கும் 20 பாகைக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது, இந்த இரண்டுதான் எங்களிடம் கேட்கப்பட்டது. நீளமான துண்டு என்பதால் குறுக்குவெட்டை மட்டும் எடுத்து இருபரிமாணக் கணக்காகச் செய்யலாம் என்று முடிவெடுத்தோம்.

2 சென்ரிமீற்றர் கட்டம் போட்டால் உள்ளே 299 × 149, அதாவது சுமார் 44,500 புள்ளிகள். நேரடி முறையில், பழைய வெப்பநிலைகளை மட்டும் வைத்து புதியதைக் கணிக்கும் முறையில், ஒரு நேரப் படி 100 வினாடியைத் தாண்ட முடியாது. கொங்கிரீட்டின் வெப்பப் பரவுதிறன் α கிட்டத்தட்ட 10⁻⁶ மீ²/வி. படியின் நீளம் Δt, கட்டத்தின் இடைவெளி h என்று கொண்டு αΔt/h² என்ற எண்ணை r என்று வைத்தால் அது கால்வாசிக்கு மேல் போனதும் விடை வெடித்துவிடும். 14 நாளுக்கு 12,000 படிக்கு மேல் ஆகும். அது நடக்காத காரியம் இல்லை, ஆனால் சீமெந்தின் அளவு, பனிக்கட்டி கலந்த தண்ணீர், மூடிவைக்கும் போர்வை என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் பெரிய படி தேவைப்பட்டது. பெரிய படி என்றால் புதிய வெப்பநிலைகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தீர்க்க வேண்டும்: 44,500 சமன்பாடு, 44,500 தெரியாதவை. அந்த மெட்ரிக்ஸை முழுதாகச் சேமித்தால் 16 ஜிகாபைட். பட்டையாகச் சுருக்கி வைத்தாலும் பட்டையின் பாதி அகலம் 149. சூடு பிறக்கும் வேகத்துக்கு ஏற்ப நான் படியின் நீளத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன், அதனால் ஒருமுறை காரணிப்படுத்தியதைத் திரும்பப் பயன்படுத்தவும் வழியில்லை.

இந்த இடத்தில்தான் 1955இல் பீஸ்மனும் ரக்ஃபோர்டும் காட்டிய வழி உதவிக்கு வருகிறது. ஒரு படியை இரண்டு பாதியாக உடைக்க வேண்டும். முதல் பாதியில் கிடைத்திசையை மட்டும் புதிய மதிப்புகளால் எழுதுகிறோம், செங்குத்துத் திசைக்குப் பழைய மதிப்புகளே. அப்போது ஒரு வரிசையில் உள்ள புள்ளி தன் இடது, வலது அயலோடு மட்டும்தான் கட்டுப்பட்டிருக்கும். மேல் வரிசையோடும் கீழ் வரிசையோடும் எந்தக் கட்டும் இல்லை. மூன்றே மூலைவிட்டம் உள்ள சின்ன மெட்ரிக்ஸ், வரிசைக்கு ஒன்று. இரண்டாவது பாதியில் திசைகள் இடம் மாறும், இப்போது நெடுவரிசைக்கு ஒன்று. எங்கள் கட்டத்தில் 149 வரிசை, 299 நெடுவரிசை, ஆக ஒரு படிக்கு 448 சின்னத் தீர்வுகள். தோமஸ் முறையில் ஒரு தெரியாததற்குச் சுமார் 8 கணக்குச் செயல்தான் ஆகும்: முன்னால் ஒரு ஓட்டம் போய்க் கீழ் மூலைவிட்டத்தை அழித்துவிட்டு, பின்னால் ஒரு ஓட்டம் வந்து விடைகளை எடுப்பது. கொங்கிரீட்டின் சொந்தச் சூட்டைப் பாதிப் பாதியாக இரண்டிலும் சேர்த்தேன். அரை மணி நேரப் படி என்று வைத்தால் r = 4.5, இரண்டு வாரத்துக்கு 672 படி. நிரல் ஒரே மாலையில் எழுதி முடிந்தது.

மறுநாள் படங்களைப் பார்த்த எங்கள் சேர் கேட்டார்: "தம்பி, இதென்ன, மேலயும் கீழயும் மட்டும் குளிர்ப் பட்டை விழுந்து கிடக்குது? பக்கச் சுவருக்கு என்ன நடந்தது?"

அது ஒரு சோதனை ஓட்டம். சதுரத் துண்டு, எல்லா இடமும் 60 பாகை, நான்கு பக்கமும் திடீரென்று 30க்கு இறங்குகிறது, சூடு பிறப்பதும் இல்லை. நான்கு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஆனால் ஒரு படம் சமச்சீராகவும் அடுத்த படம் கோணலாகவும் மாறி மாறி வந்தது. குறியீட்டில் x, y எங்கோ மாறிவிட்டதென்று நினைத்து அரை நாள் தேடினேன். மாறவில்லை. நான் ஒவ்வொரு 25 பாதிப் படிக்கும் ஒரு படம் சேமித்திருந்தேன், 25 ஒற்றை எண், ஆகவே ஒன்றுவிட்டு ஒரு படம் பாதிப் படியில் எடுத்தது. அவ்வளவுதான் காரணம்.

அப்போதும் மனதுக்குள் ஒன்று உறுத்தியது: பாதிப் படி என்றால் பாதி நேரத்தின் வெப்பநிலைதானே, அது ஏன் கோண வேண்டும்? சேர் ஒரு தாளை எடுத்து 3 × 3 புள்ளிகள் போட்டு, எல்லாம் 100, சுற்றிலும் 0, r = 2 என்று வைத்து, "கையால செய்து பாரும்" என்றார். நீங்களும் செய்து பார்க்கலாம். வரிசைக்கான சமன்பாடு: நடுப்புள்ளியின் மூன்று மடங்கிலிருந்து இடதும் வலதும் கழித்தால் வருவது, மேலும் கீழும் உள்ள பழைய மதிப்புகளின் கூட்டலில் இருந்து தன் பழைய மதிப்பைக் கழித்தது. நடு வரிசைக்கு வலப்பக்கம் 100 + 100 − 100 = 100. மேல் வரிசைக்கு 0 + 100 − 100 = 0, கீழ் வரிசைக்கும் அதே. தீர்த்தால்:

```
 0.00   0.00   0.00
57.14  71.43  57.14
 0.00   0.00   0.00
```

மேல் வரிசை ஒரேயடியாகச் சுவரின் வெப்பநிலைக்கு விழுந்துவிட்டது, பக்க நெடுவரிசையோ 57இல் நிற்கிறது. r இன்னும் பெரிதாக இருந்திருந்தால் மேல் வரிசையின் வலப்பக்கம் சுழிக்குக் கீழே போயிருக்கும். இப்போது நெடுவரிசைத் திசையில் இரண்டாவது பாதி. நடு வரிசையில் இருந்து வரும் வலப்பக்கங்கள் 14.29, 42.86, 14.29, மற்றவை 0. தீர்த்தால்:

```
2.04   6.12   2.04
6.12  18.37   6.12
2.04   6.12   2.04
```

சமச்சீர் தானாகவே திரும்பி வந்துவிட்டது. முதல் பாதி செய்த கோணலை இரண்டாவது பாதி அப்படியே எதிர்த்திசையில் நேராக்குகிறது, இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. தனியாக எடுத்தால் ஒவ்வொரு பாதியும் பெரிய படிக்குத் தாங்காது, சேர்ந்தால் எந்த அளவு படிக்கும் வெடிக்காது. அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வெடிக்காது என்பதால் விடை சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே 3 × 3 கட்டத்தில், நேரத்தைத் துண்டாக்காமல் துல்லியமாகக் கணித்தால் நடுவில் 14.0, மூலையில் 7.0 வர வேண்டும். நமக்கு வந்தது 18.37உம் 2.04உம். அதே நேரத்தை r = 1 ஆன இரண்டு படியாக வைத்தால் நடு 12.0, மூலை 7.0 என்று நெருங்கிவிடும். திடீர்க் குளிர்ச்சி போன்ற கூர்மையான தொடக்கத்தில் முதல் சில படிகளைச் சின்னதாக வைக்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பழக்கம் இன்றும் தொடர்கிறது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் இதே வேரில் இருந்து. எங்கள் பைல் கேப்பின் பக்கச் சுவரில் கீழ்ப்பகுதி மண்ணுக்குள், மேல்பகுதி இரும்பு ஷட்டரிங்கோடு வெளியே. காலை வெயில் பட்டதும் வெளிப்பகுதி அரை மணி நேரத்தில் 30இலிருந்து 32க்கு ஏறுகிறது, மண்ணுக்குள் 28 அசையாது. பாதிப் படியில் சுவருக்கு என்ன மதிப்புக் கொடுப்பது? நான் யோசிக்காமல் பாதி நேரத்தின் மதிப்பைக் கொடுத்தேன்: மேலே 31, கீழே 28. நேரடி முறையில் 100 வினாடிப் படியோடு ஒரு நாள் ஓட்டி, அதோடு ஒப்பிட்டேன். அந்த முறையில் பாதிப் படியே கிடையாது, அதனால் நல்ல சாட்சி. நடுவில் இரண்டும் ஒத்துப்போயின. மண் மட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும், சுவரை ஒட்டிய சில புள்ளிகளில், இரண்டும் பிரிந்து நின்றன.

காரணம் முதல் பாதிச் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தாலே தெரியும். கிடைத்திசைப் பகுதி அடிபட்டுப்போய், பாதிப் படியின் மதிப்பு என்ன என்று வெளிப்படையாக வந்துவிடுகிறது: பழையதும் புதியதும் சேர்ந்த சராசரி, அதிலிருந்து, பழையதிலிருந்து புதியதுக்கு வந்த மாற்றத்துக்குச் சுவர் நெடுகிலும் எடுத்த இரண்டாம் வேறுபாட்டின் r/4 மடங்கைக் கழிக்க வேண்டும். கீழே `g` சுவரின் வெப்பநிலை, `w` பாதிப் படியின் மதிப்பு.

```python
dg = g_new - g_old
w[0, 1:-1] = 0.5*(g_new + g_old)[1:-1] \
    - 0.25*r*(dg[2:] - 2*dg[1:-1] + dg[:-2])
```

சுவர் முழுதும் ஒன்றாகச் சூடேறினால் இந்தத் திருத்தம் சுழி, சராசரியே போதும். அதனால்தான் சதுரச் சோதனையில் இந்தப் பிழை முகத்தைக் காட்டவே இல்லை. மண் மட்டத்திலோ, மேலே உள்ள புள்ளி 2 பாகை ஏறுகிறது, அடுத்த கீழ்ப்புள்ளி ஏறவில்லை. இரண்டாம் வேறுபாடு மேலே −2, கீழே +2. r/4 = 1.125. ஆக மேல்புள்ளிக்குக் கொடுக்க வேண்டியது 31 + 2.25 = 33.25. கீழ்ப்புள்ளிக்கு 28 − 2.25 = 25.75.

இந்த எண்களைத் திரையில் பார்த்த பக்கத்து மேசை நண்பர், "மண் 28இல நிக்குது, 25.75 எங்க இருந்து வந்தது? 28க்குக் கீழ போகாமல் வெட்டி விடுங்கோ அண்ணா" என்றார். நல்ல மனதோடு சொன்னது, ஒரு வாரம் முன்பென்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் வெட்டினால் இரண்டாவது பாதிக்கு நேராக்க வேண்டிய கோணலே கிடைக்காது. அது வெப்பநிலை இல்லை, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் தற்காலிகமாக நிற்கும் ஒரு எண் மட்டும். வெட்டாமல் ஓட்டினோம், நேரடி முறையோடு இருந்த பிரிவின் பெரும்பகுதி மறைந்தது. எஞ்சியது படியைப் பாதியாக்கியதும் குறைந்தது.

நிரலில் அந்த மாறிக்கு முன்பு `T_half` என்று பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயர்தான் என்னையும் நண்பரையும் வழிதவற வைத்தது, அதனால் அன்றே `w` என்று மாற்றினேன். உச்ச வெப்பநிலையைத் தேடும் பகுதி இப்போது `w`வைத் தொடுவதே இல்லை, படங்களும் முழுப் படி முடிந்த பிறகுதான் சேமிக்கப்படும்.

போன மாதம் இன்னொரு வேலை வந்தது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவான ஒரு கட்டை, குறுக்குவெட்டு எடுக்க வழியில்லை. புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் படியை மூன்றாக உடைத்து z திசையையும் அப்படியே சேர்த்துவிட்டார். சின்னப் படிக்கு அழகாக ஓடியது, அரை மணி நேரப் படியில் மூன்றாம் நாளே எண்கள் பறந்தன. மூன்று திசைக்கு இந்த உடைப்பை அப்படியே நீட்டினால் எந்தப் படிக்கும் தாங்கும் குணம் போய்விடும். 1962இல் டக்ளஸ் எழுதிய வேறு வடிவம் வேண்டும். இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன், இந்த முறை 3 × 3 × 3.