கதவு இரண்டு தடவை சாத்தியது: எம்.எஸ்.இ எழுதிய கதை

மனநல மருத்துவ மாதிரித் தேர்வில் நான் எழுதிய எம்.எஸ்.இ, அதாவது நோயாளியின் மனநிலைப் பரிசோதனைக் குறிப்பு, மொத்தம் பதினோரு வரி. "பெர்செக்யூட்டரி டெலூஷன் உள்ளது, ஆடிட்டரி ஹாலுசினேஷன் உள்ளது, இன்சைட் இல்லை." அதாவது, தனக்குத் தீங்கு செய்கிறார்கள் என்ற அசையாத தவறான நம்பிக்கை, யாரும் பேசாமலே குரல் கேட்பது, தனக்கு நோய் என்ற உணர்வு இல்லாமை. அதைப் படித்த பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: "அவர் என்ன சொன்னார்?" எனக்கு ஞாபகம் இல்லை. நோயாளி சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான் வைத்த பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெயர் சரியா தப்பா என்று பார்க்கத் தாளில் எதுவுமே இல்லை.

அதற்கப்புறம் தாளை நடுவில் மடித்துக்கொள்ள ஆரம்பித்தேன். இடது பக்கம் நோயாளியின் வாய்மொழி, அவர் சொன்னபடியே. வலது பக்கம் கலைச்சொல். இடது காலியாக இருந்தால் வலது பக்கம் எழுதக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

உண்மையான தேர்வில் எனக்கு வந்தவர் முப்பதுகளில் இருந்த ஒருவர். கையில் இருந்தது 20 நிமிடம். தோற்றம், நடத்தை, பேச்சு மூன்றையும் முதல் சில நிமிடங்களிலேயே பார்த்து முடித்துவிடலாம். அவற்றுக்குத் தனியாகக் கேள்வி எதுவும் வேண்டாம். சிந்தனைக்கு வந்ததும்தான் வேகத்தைக் குறைத்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க என்னைத் தீர்த்துக்கட்டப் பாக்குறாங்க" என்றார். பழைய நானாக இருந்தால் பெர்செக்யூட்டரி என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். இந்த முறை, "அது எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "அன்னைக்கு அவங்க கதவை ரெண்டு தடவை சாத்தினாங்க. அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு." அதற்கு முன்னால் அவர்கள் மேல் சந்தேகம் இருந்ததா என்று கேட்டேன், இல்லை என்றார். காற்றில் சாத்தியிருக்கலாமே என்றதற்கு, "இல்ல சார், எனக்குத் தெரியும்" என்றார்.

கதவுச் சத்தம் நிஜமாகவே கேட்டதுதான், அதில் கோளாறு இல்லை. அதற்கு அவர் கொடுத்த அர்த்தம்தான் திடீரென்று, எந்தத் தொடர்பும் இல்லாமல் வந்தது. அதனால் வலது பக்கம் இரண்டு வரி எழுதினேன்: வடிவம் டெலூஷனல் பெர்செப்ஷன்; உள்ளடக்கம் பெர்செக்யூட்டரி. கூடவே, மாற்று விளக்கம் கொடுத்தும் உறுதி குறையவில்லை என்றும் குறித்தேன். அந்த வரி இல்லாவிட்டால், அது டெலூஷனா வெறும் பலமான சந்தேகமா என்று எக்ஸாமினர் பிடித்துக்கொள்வார்.

அவர்கள் தன்னைக் கொல்லப் போவதாகச் சொன்னபோது அவர் லேசாகச் சிரித்தார். மாதிரித் தேர்வில் இதே மாதிரி ஒன்றை மூட் என்ற தலைப்பில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மூட் என்பது அவர் வாயால் சொல்வது: "பயமா இருக்கு." அஃபெக்ட் என்பது நான் கண்ணால் பார்த்தது: கொலையைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு, பேசும் விஷயத்தோடு பொருந்தவில்லை.

கவனத்தைப் பரிசோதிக்க 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93, 86 என்று சொல்லிவிட்டு நின்றார். தலை லேசாக இடது பக்கம் திரும்பியது. கணக்கு வரவில்லை என்று எழுதப் போன கையை நிறுத்தி, "இப்ப ஏதாவது கேட்டுதா?" என்றேன். "அவன் இப்ப கணக்குப் போடுறான், தப்பாப் போடுறான்னு சொல்றாங்க." யார் என்றேன். இரண்டு ஆம்பளைக் குரல், சுவருக்கு அந்தப் பக்கம், நான் பேசுவது போலவே தெளிவாக. அவர் செய்வதை அப்போதைக்கப்போது சொல்லும் குரல், அதுவும் 'அவன்' என்று. சத்தியமாக, என் கேள்வித் திறமையால் கிடைத்தது இல்லை இது. நடத்தை என்ற தலைப்புக்குத் திரும்பிப் போய், தலை திரும்பியதையும் சேர்த்தேன். கணக்கில் அவர் சொன்ன எண்களை அப்படியே எழுதி, நடுவில் குரல் கேட்டது என்றும் குறித்தேன். வெறுமனே கவனக்குறைவு என்று எழுதியிருந்தால் அறிவாற்றல் குறைபாடு என்று அர்த்தமாகியிருக்கும்.

கடைசி இரண்டு நிமிடத்தில்தான் ஒன்றை விட்டது உறைத்தது. அந்தக் குரல்கள் ஏதாவது செய்யச் சொல்கின்றனவா, பக்கத்து வீட்டுக்காரர்களை ஏதாவது செய்ய நினைத்தாரா, தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா? அவசர அவசரமாகக் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்றார். 'இல்லை' என்றாலும் அதை எழுத வேண்டும். எழுதாவிட்டால் கேட்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்சைட்டுக்கு மூன்று கேள்வி வைத்திருந்தேன். உடம்புக்கோ மனசுக்கோ ஏதாவது நோய் இருக்கா? "தூக்கம் மட்டும் வரல." இந்தக் குரல் நோயால வருதுன்னு நினைக்கிறீங்களா? "இல்ல, நிஜமாப் பேசுறாங்க." மருந்து தேவையா? "தூங்க மட்டும்." மூன்று பதிலையும் அப்படியே இடது பக்கம் எழுதினேன். வலது பக்கம் 'இல்லை' என்று எழுதக் கை போனது; ஆனால் தூக்கத்துக்காவது மருந்து சாப்பிடச் சம்மதிக்கிறாரே. நோய் என்று ஏற்கவில்லை, சிகிச்சையை ஓரளவு ஏற்கிறார் என்று பிரித்து எழுதினேன். எக்ஸாமினர் அந்த வரியைத் தொட்டு, "சரி, கதவுக்கு வா" என்றார்.