சுவரில் 31, திரையில் 33

மார்ச் 3, திங்கள்

காலையில் சும்மா எண்ணிப் பார்த்தேன். சுவரில் 31 ஒட்டுத் தாள், டிஜிட்டல் போர்டில் 33 கார்டு. ஒரு வேலைக்கு ஒரு தாள், ஒரு கார்டு என்பது ஏற்பாடு. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி மூன்று வாரமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மென்பொருள் குழுவில் ஒன்பது பேர். ஐந்து பேர் அலுவலகத்தில், நான்கு பேர் வீட்டிலிருந்து. சுவரில் ஐந்து கட்டங்கள்: இனி, செய்கிறோம், ரிவ்யூ, டெஸ்டிங், முடிந்தது. வீட்டில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று அதே ஐந்தையும் திரையில் போட்டோம். யார் எதை எப்போது நகர்த்துவது என்று மட்டும் யாரும் பேசவில்லை.

காணாமல் போன இரண்டையும் தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்று சுவரிலிருந்து விழுந்து அலமாரிக்குப் பின்னால் கிடந்தது, பசையெல்லாம் தூசி. இன்னொன்று வீட்டிலிருந்து ஒருவர் நேரே திரையில் போட்ட கார்டு. அதற்குத் தாளே எழுதப்படவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தேடியதில் நேரம் தின்றது எண்ணிக்கை இல்லை, பெயர்கள். சுவரில் 'லாகின் பிழை' என்று ஒரு தாள், திரையில் 'உள்நுழைவுச் சிக்கல்' என்று ஒரு கார்டு. இரண்டும் ஒரே வேலையா, வேறு வேறா என்று எழுதியவரைக் கேட்டால்தான் தெரியும்.

ஆகவே எண். திரையில் கார்டு போட்டதும் போர்டே ஒரு எண் கொடுக்கிறது. முதலில் அங்கே போட்டு, அந்த எண்ணை வாங்கி, பிறகு தாளில் எழுத வேண்டும். வலது மேல் மூலையில், தடித்த மார்க்கரில், தாளின் கால்வாசி உயரத்துக்கு. பேனாவில் எழுதியதை வீடியோ காலில் யாராலும் படிக்க முடிவதில்லை. பெரிய எண் மட்டும் தெரிந்தாலே வீட்டில் இருப்பவர் மீதியைத் திரையில் பார்த்துக்கொள்வார்.

தாள்கள் ஏன் விழுகின்றன என்பதும் இன்று புரிந்தது. தாள்கட்டிலிருந்து கீழ் ஓரத்தைப் பிடித்து மேல்நோக்கிக் கிழிக்கிறோம். தாள் சுருள்கிறது, சுருண்ட தாள் சுவரை விட்டு எழும்புகிறது. பசைப் பட்டையின் வழியாகப் பக்கவாட்டில் இழுத்தால் தட்டையாக வருகிறது. இத்தனை வருடம் தப்பாகக் கிழித்திருக்கிறேன்!

தினமும் காலை 9.45-க்கு நான் சுவரைப் பார்த்துத் திரையைச் சரிசெய்வதாகவும் ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

நேற்று 47-ஆம் எண் கார்டில் அடி வாங்கினோம்.

கடவுச்சொல் மாற்றும் திரைக்கான வேலை அது. காலையில் டெஸ்டிங் கட்டத்தில் இருந்தது, நானும் திரையில் அப்படியே நகர்த்தினேன். பதினொரு மணி வாக்கில் எழுதியவரே அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, தாளை 'செய்கிறோம்' கட்டத்துக்கு எடுத்துப்போய் ஒட்டினார். சுவரில் எல்லாம் சரி. திரையில் அது டெஸ்டிங்கிலேயே நின்றது. டெஸ்டிங் பார்க்கும் தோழி வீட்டில் மதியம் முழுக்க உட்கார்ந்து பழைய பில்டைச் சோதித்து, ஆறு பிழை எழுதி அனுப்பினாள். அதில் நான்கு ஏற்கெனவே திருத்தப்பட்டவை.

நான் ஒழுங்காகத்தான் செய்தேன். அதுதான் எரிச்சல். ஒரு நாளைக்கு ஒரு முறை சரிசெய்கிற பிரதி, மறுநாள் காலை வரை பழசாகிக்கொண்டேதான் இருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

சுவரும் திரையும் முரண்பட்டால் எது செல்லும் என்று இன்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சுவர் என்றார்கள். கண்ணெதிரே இருப்பது அதுதானே. டெஸ்டிங் தோழி காலில் சொன்னாள்: "சுவருதான் கணக்குன்னா, நான் எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் உங்களை யாரையாவது கேட்டுத்தாண்ணா ஆகணும். அதுக்கு எனக்குப் போர்டே வேணாம்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. திரைதான் கணக்கு, சுவர் அதன் பிரதி. தாளை நகர்த்துகிறவர் முதலில் ஃபோனில் கார்டை நகர்த்த வேண்டும், பிறகுதான் தாளில் கை வைக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் திரையில் நகர்த்தினால் சுவரில் நகர்த்த அந்த வாரத்துக்கு ஒரு காவலர். ஒருவேளை அவர் மறந்தால் பழசாவது சுவர்தான். அதன் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள நான்கு பேர் இருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

வாரம் முழுக்க எண்ணிக்கை ஒத்துப்போனது என்று பெருமையாக இருந்தேன். இன்று டெஸ்டிங்கில் சுவரில் 4, திரையில் 4. ஆனால் அதில் ஒன்று சுவரில் 52-ஆம் எண், திரையில் 58-ஆம் எண். ஒன்று வரவேண்டியது வரவில்லை, ஒன்று போகவேண்டியது போகவில்லை, கூட்டிக் கழித்தால் சரி.

இனி எண்ணுவதில்லை, வாசிக்கிறோம். தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டம் தொடங்கும்போது வீட்டில் இருக்கும் ஒருவர் திரையைப் பார்த்துக் கட்டம் கட்டமாக எண்களைச் சொல்வார். காவலர் சுவரில் விரல் வைத்துக்கொண்டே வருவார். விரல் தடுமாறும் இடத்தில் பிழை இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

ஒரு கார்டு எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று போர்டு தானாகவே வரைபடம் போடுகிறது. ரிவ்யூவில்தான் வேலை தேங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். மார்ச் முதல் வாரத்துக்கான வரைபடத்தில் ரிவ்யூவில் பல கார்டுகள் நின்ற நேரமே இல்லை!

கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. காலை 9.45-க்கு நான் மொத்தமாக நகர்த்தியபோது பதிவானது வேலை நகர்ந்த நேரம் இல்லை, என் விரல் நகர்ந்த நேரம். மதியம் ரிவ்யூவுக்குப் போய் மாலையில் டெஸ்டிங்குக்கு வந்த தாளை, மறுநாள் நான் 'செய்கிறோம்' கட்டத்திலிருந்து நேரே டெஸ்டிங்கில் போட்டிருக்கிறேன். நடுவில் ரிவ்யூ என்று ஒன்று நடந்த சுவடே இல்லை. நகர்வுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எல்லாம் 9.45-லிருந்து 9.55-க்குள். ஒரே பத்து நிமிடத்தில் இத்தனை நகர்வு இருந்தால் அந்த வரைபடத்தை நம்ப வேண்டாம். மார்ச் 10-க்கு முந்தைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

மார்ச் 25, செவ்வாய்

'இனி' கட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். அங்கே 19 தாள் இருந்தது, போன இரண்டு வாரத்தில் அதில் நகர்ந்தது மூன்று. ஆனால் தினமும் வாசித்தது 19-ஐயும். 'முடிந்தது' கட்டமும் போயிற்று. முடிந்த தாளைக் கிழித்து ஒரு டப்பாவில் போடுகிறோம், அதில் ஒரு சின்ன சுகம் இருக்கிறது.

இப்போது சுவரில் நடு மூன்று கட்டங்கள் மட்டும், ஒன்பது பத்துத் தாள். வாசித்து முடிக்க ஒன்றரை நிமிடம் போதும். அடுத்து எதை எடுப்பது என்ற பேச்சு மட்டும் திரைக்குப் போய்விட்டது. சுவர் முன்னால் நின்று தாள்களை மாற்றி மாற்றி அடுக்கியபடி பேசுவதில் ஒரு வேகம் இருந்தது, அது போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

வெள்ளிக்கிழமை எல்லாருமே வீட்டிலிருந்து வேலை. திரை நகர்ந்தது, சுவர் வியாழனிலேயே நின்றது. காலையில் முதலில் வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு 71-ஐ எடுக்கப் போனார். அது வெள்ளி மதியமே முடிந்த வேலை.

எடுக்காமல் தடுத்தது போன வாரம் நான் ஒட்டிய ஒரு மஞ்சள் தாள். சுவரின் உச்சியில், எண்ணே இல்லாத ஒரே தாள் அது: 'கடைசியாக ஒத்துப் பார்த்தது', அதன் கீழே கிழமையும் நேரமும். 'வியாழன் 9.50' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, மனிதர் ஃபோனைத் திறந்தாராம்.

நான் வந்தபோது அவரே தாள்களை நகர்த்திக்கொண்டிருந்தார். "இந்த வாரக் காவல் யாரு?" என்றார். அவர்தான்.