பழைய காப்புறுதிக் காசு திரும்ப வருதாம்

சுன்னாகத்துப் பெரியம்மாவுக்கு ஒரு கோல். "அம்மா, 2011இல நீங்கள் எடுத்த காப்புறுதியைப் பிழையான விளக்கம் சொல்லித்தான் உங்களுக்கு வித்திருக்கினம். 4 இலட்சத்து 60 ஆயிரம் திரும்ப வரும், புரொசெசிங் பீஸ் 18,500 மட்டும் போடுங்கோ."

பொலிசி நம்பரும் சரி, அவ கட்டாமல் விட்ட வருசமும் சரி. நம்பாமல் என்ன செய்யிறது? இந்த ஏமாத்துக்காரர் இடையில நிண்டுபோன பொலிசிக்காரரைப் பார்த்துத்தான் கோல் எடுக்கிறாங்கள். காசு போச்செண்ட வயித்தெரிச்சல் அவைக்கு ஏற்கெனவே இருக்கே.

நான் போனை வாங்கி, "அந்த 18,500ஐ வாற காசில கழிச்சிட்டு மிச்சத்தைப் போடுங்கோ தம்பி" எண்டன். "சிஸ்டம் விடாது" எண்டான். கணக்கு நம்பரைக் கேட்டால் கம்பனி பேரில இல்லை, ஆரோ தனியாளின்ர சேமிப்புக் கணக்கு. கட்டியிருந்தால் அடுத்தது வரி, பிறகு முத்திரைக் கட்டணம் எண்டு இழுத்திருப்பாங்கள்.

உண்மையில பிழையா வித்திருந்தால் கம்பனிக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்கலாம். சரிவராட்டில் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனிட்டப் போகலாம், அங்க ஒரு சதமும் கேக்க மாட்டினம். பெரியம்மாவின்ர பழைய பொலிசிப் புத்தகத்தைத் தேடி எடுத்திருக்கிறன், திங்கக்கிழமை கிளைக்கே நேர போறம்.