எஃப்.டி. போட்டு கார்டு வாங்கினேன், பில்லை மறந்தேன்

காட்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பவர் மெஷின், ஒரு பழைய ஓவர்லாக். அந்த ஓவர்லாக்கை மாற்ற 40,000 ரூபாய் கடன் கேட்டு 2024 கடைசியில் மூன்று இடம் ஏறி இறங்கினேன். மூன்று இடத்திலும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரே பதில்: "சிபில் இல்லைங்க."

இல்லாமல் இல்லை, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடுகிற அந்த சிபில் ஸ்கோர் எனக்கு 584 இருந்தது. அது போதவில்லை. கொரோனா சமயத்தில் டூவீலர் கடன் தவணை கட்ட முடியாமல் போய், 31,000 பாக்கியை 18,000-க்குப் பேசி முடித்திருந்தேன். அன்று அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாக எடுக்கக்கூடிய கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கணக்குக்கு நேரே Settled என்று இருந்தது. கடன் கொடுக்கிறவன் கண்ணுக்கு அது 'முழுசாகக் கட்டாதவன்' என்ற முத்திரை. கீழே இன்னொரு பகுதியில் நான் கடன் கேட்டு அலைந்த மூன்று இடமும் தேதியோடு வரிசையாக இருந்தது. அலைந்ததே ஒரு குறை.

மூன்றாவதாகப் போன வங்கிக் கிளையில் இருந்த மேடம்தான் வழி சொன்னார். "அண்ணா, எஃப்.டி. இருந்தா அதுமேல கிரெடிட் கார்டு எடுங்க. சிபில் பார்த்துத் தள்ளிட மாட்டாங்க. ஒழுங்கா கட்டுனா புதுக் கணக்கு ஒண்ணு நல்லபடியா ரிப்போர்ட்ல ஏறும்."

என்னிடம் 2022-ல் போட்ட 25,000 ரூபாய் எஃப்.டி. இருந்தது. மறுநாளே ரசீதைத் தூக்கிக்கொண்டு போனேன். மேடம் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். ரசீதின் மேலே Tax Saver என்று இருந்தது. அந்த வகை டெபாசிட்டை ஐந்து வருஷம் உடைக்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. வரியே கட்டாத எனக்கு அதை எதற்குத் தலையில் கட்டினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் போவதற்கு முன்னால் ரசீதில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சீட்டு எடுத்த பணத்தில் 30,000 ரூபாய் புதிதாகப் போட்டேன். தனிப் பெயரில், ஒரு வருஷத்துக்கு, முதிர்ந்ததும் தானாகவே புதுப்பிக்கிற மாதிரி. பான், ஆதார், ஒரு போட்டோ, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். சம்பளச் சீட்டு கேட்கவில்லை. எஃப்.டி.யில் 90 சதவீதம் லிமிட், அதாவது 27,000. இது வங்கிக்கு வங்கி மாறும். எஃப்.டி.க்கு வட்டி வழக்கம்போல ஏறும், ஆனால் அதன்மேல் 'லியன்' போட்டுவிடுவார்கள். கார்டு இருக்கிறவரை அந்தப் பணத்தைத் தொட முடியாது என்று அர்த்தம். அவசரத்துக்கு வைத்திருக்கும் ஒரே பணத்தை இதில் போடாதீர்கள். என் மச்சான் அப்படிப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவு வந்தபோது முதலில் கார்டு பாக்கியைக் கட்டி, கார்டை மூடி, லியனை எடுக்கச் சொல்லி நடந்து, அதற்குப் பிறகுதான் பணத்தைப் பார்த்தார்.

2025 மார்ச்சில் கார்டு வந்தது. மாதம் 5-ஆம் தேதி பில், 25-க்குள் கட்ட வேண்டும். லாங் பஜாரில் லைனிங் துணி, நூல் கண்டு, ஜிப் எல்லாம் கார்டில் வாங்கினேன். மாதம் ஐயாயிரம், ஆறாயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். லிமிட்டில் முக்கால்வாசியைத் தேய்த்துவிட்டு முழுசாகக் கட்டினாலும், வங்கியிலிருந்து சிபிலுக்கு ரிப்போர்ட் போகிற நாளில் பாக்கி அதிகமாகத் தெரிந்தால் ஸ்கோர் இறங்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது.

ஆடி வந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, தையல்காரனுக்கு வேலையும் கிடையாது. ஜூலை 5-ஆம் தேதி வந்த பில் 6,240 ரூபாய். கையில் இருந்ததைக் கடை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். என் மனைவி கேட்டாள், "ஏங்க, அந்த கார்டு காசு?" நான் அலட்சியமாகச் சொன்னேன்: "முப்பதாயிரம் அவங்ககிட்டயே கிடக்குதே, அதுல எடுத்துக்குவாங்க."

எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தில்தான் என்னைப் போல நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எஃப்.டி. என்பது பில் கட்டுகிற கணக்கு இல்லை. நாம் அடியோடு கட்டாமல் போனால் வங்கி தன் நஷ்டத்தைத் தேற்றிக்கொள்ள வைத்திருக்கிற ஈடு. எஃப்.டி.யை உடைப்பது அவர்களுக்குக் கடைசி வேலை. அதுவரை சாதாரண கார்டு மாதிரியேதான்: தாமதக் கட்டணம் ஏறும், வட்டி ஏறும், ரிப்போர்ட்டும் போகும். நான் மினிமம் தொகை மட்டுமாவது 25-க்குள் கட்டியிருந்தால் வட்டி விழுந்திருக்கும், ஆனால் 'தாமதம்' என்ற பேர் வந்திருக்காது.

ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஆவணிக் கல்யாண ரவிக்கைகளுக்கு அட்வான்ஸ் வந்ததும் முழுப் பணத்தையும் கட்டினேன். அடுத்த பில்லைப் பார்த்தால் தாமதக் கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 90. வட்டி தனி. கெடு நாளிலிருந்து கணக்குப் போடுவார்கள் என்று நினைத்தேன். துணி வாங்கிய நாளிலிருந்தே போட்டிருந்தார்கள். எல்லாம் சேர்த்து 900 ரூபாய் சொச்சம். எஃப்.டி.க்கு ஒரு வருஷத்துக்கே வட்டி ஏறக்குறைய 2,000 ரூபாய்தான்.

900 ரூபாய்கூடப் பெரிதில்லை. கெடு தாண்டி மூன்று நாளுக்குள் கட்டினால் தாமதம் என்று ரிப்போர்ட் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நான் ஒன்பது நாள் தாண்டினேன். தவிர, 2025 ஜனவரியிலிருந்து மாதம் இரண்டு தடவை, 15-ஆம் தேதி நிலவரமும் மாதக் கடைசி நிலவரமும் வங்கியிலிருந்து சிபிலுக்குப் போக வேண்டியிருந்தது. ஜூலை 31 அன்று என் கணக்கு ஆறு நாள் பாக்கியில் நின்றது. செப்டம்பரில் ரிப்போர்ட் எடுத்தபோது மற்ற மாதங்களுக்கெல்லாம் 000. ஜூலை கட்டத்தில் மட்டும் 006.

கிளைக்குப் போய் மேடத்திடம் காட்டினேன். "தப்பா ஏறியிருந்தா புகார் கொடுத்துத் திருத்தலாம் அண்ணா. இது தப்பு இல்லையே" என்றார். அங்கேயே உட்கார வைத்து, சேமிப்புக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் முழு பில்லும் தானாகக் கழியும்படி ஆட்டோ டெபிட் படிவத்தில் கையெழுத்து வாங்கினார். 'மினிமம்' என்றும் 'முழுத் தொகை' என்றும் இரண்டு கட்டம் இருந்தது. முதல் கட்டத்தில் டிக் அடிக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தியது அவர்தான். இப்போது 24-ஆம் தேதி ராத்திரி கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது என் மனைவியின் வேலை. என்னை நம்பி விடுவதில்லை.

டூவீலர் கடனில் விட்ட 13,000-த்தையும் தவணையில் கட்டித் தீர்த்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கினேன். Settled என்பது Closed ஆக இரண்டு மாதம் ஆனது. 2026 பிப்ரவரியில் எஃப்.டி. முதிர்ந்து, லியனோடு தானாகப் புதுப்பித்துக்கொண்டது. கார்டை மூடலாமா என்று யோசித்தேன். மூடச் சொல்லிக் கேட்டால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் இருக்கிற ஒரே நல்ல கணக்கை ஏன் மூட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கோர் இப்போது 671. அதே கிளையில் ஓவர்லாக் கடனுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆடி கழியட்டும், ஆவணி வரவு கணக்கில் தெரிகிற மாதிரி கொடுங்கள் என்று மேடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அந்த 006-ஐப் பற்றிக் கேட்பார், பதிலை யோசித்துவைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.