கரியைக் கலக்கும் முன் கேட்க வேண்டியவை

குழந்தைகள் அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். குழந்தை மாத்திரையை முழுங்கிவிட்டது என்று ஓடி வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளே நுழையும்போதே, "வயித்தைக் கழுவுங்க, கரி குடுங்க" என்றுதான் சொல்கிறார்கள். முழுங்கிய மருந்தை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும் இந்தக் கரித்தூள் எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கிறது. கலக்கிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதைத் தொடும் முன் எங்களுக்கு மூன்று விவரம் தெரிய வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, குழந்தை இப்போது எவ்வளவு விழிப்பாக இருக்கிறது. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் அலமாரியைத் திறக்காமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது.

பாட்டியின் பிரஷர் மாத்திரையைத் தின்ற மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். நல்ல வேளையாகப் பாட்டி மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அம்லோடிபின், 5 மில்லிகிராம். பத்து மாத்திரை அட்டையில் நான்குதான் மிச்சம். "நீங்க எத்தனை போட்டீங்க பாட்டி?" என்று கேட்டோம். நேற்று ஒன்று, இன்று காலை ஒன்று என்றார். அப்படியானால் பையன் வாய்க்குப் போனது அதிகபட்சம் நான்கு. அம்மா, தரையில் பாதி மென்ற மாத்திரை ஒன்று கிடந்தது என்றார். இருந்தாலும் டாக்டர் நான்கு என்றே கணக்கு வைத்தார். இந்த மாதிரி நேரத்தில் குறைத்து நினைப்பதைவிடக் கூட்டி நினைப்பது பாதுகாப்பு. நான்கு மாத்திரை என்றால் 20 மில்லிகிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை, பையனின் எடையோ 12 கிலோ.

தின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பையன் என் கழுத்தில் இருந்த ஐடி கார்டைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். நன்றாக அழுதான், தண்ணீர் கொடுத்தால் புரையேறாமல் விழுங்கினான். கரி கொடுக்க இதைவிடப் பொருத்தமான நிலை கிடையாது.

காரணம் எளிது. இந்தக் கரி தனியாகப் பக்குவப்படுத்தியது. தூளுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். மருந்து அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும், கரியோ குடலில் உறிஞ்சப்படாமல் மருந்தையும் சுமந்துகொண்டு மலத்தோடு போய்விடும். ஆனால் அது பிடிப்பது இன்னும் வயிற்றிலும் குடலிலும் இருக்கிற மருந்தைத்தான். ரத்தத்துக்குப் போய்விட்டதைத் திருப்பி இழுப்பது பெரும்பாலான மருந்துகளில் நடக்காது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. மெதுவாகக் கரையும் வகை மாத்திரை, குடலின் ஓட்டத்தை மந்தமாக்கும் மருந்து போன்றவற்றில் அதற்குப் பிறகும் கொடுப்பதுண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

அளவு, எடைக் கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம். சின்னக் குழந்தைகளுக்குப் பொதுவாக 25 கிராமுக்கு மேல் போவதில்லை, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 50 கிராம் வரை போகலாம். இவனுக்கு டாக்டர் 12 கிராம் எழுதினார். கரியைப் போல எட்டு முதல் பத்து மடங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும், அதாவது சுமார் 100 மில்லி. கெட்டியாக இருந்தால் குழந்தை துப்பிவிடும், தூள் அடியில் தங்கியும் போகும். அதனால் கொடுக்கும் நேரம் முழுக்கக் கலக்கிக்கொண்டே இருந்தோம். அந்தக் கறுப்பைப் பார்த்தாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா வைத்து, அம்மா மடியில் நேராக உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். சட்டையெல்லாம் கரி, ஆனாலும் பெரும்பகுதி உள்ளே போனது.

மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவது எந்தக் குழந்தைக்கும் கூடாது. கரி நுரையீரலுக்குள் போனால் வரும் பாதிப்பு, முழுங்கிய மாத்திரையால் வருவதைவிட மோசமாக இருக்கலாம். தூங்கித் தூங்கி விழும் குழந்தைக்கும் வலிப்பு வந்த குழந்தைக்கும் வெறுமனே கரி கொடுக்காதது இதனால்தான். மனநல மருந்தோ தூக்க மாத்திரையோ தின்ற குழந்தை வரும்போது தெளிவாக இருந்தாலும் அரை மணியில் மயங்கலாம். அப்படிப்பட்ட மருந்து என்றால் டாக்டர் ரொம்பவே யோசிப்பார். மூச்சுக்குழாயில் டியூப் போட்டுப் பாதுகாத்த பிறகுதான், அதுவும் அவசியம் என்றால் மட்டும், மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரி கொடுப்பார்கள். வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சும்மா நிற்பது போலத் தோன்றும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை.

மருந்தின் பெயரைக் கேட்டதுமே கரியை ஒதுக்குவதும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை இதில் முக்கியமானது. மிட்டாய் போல இருப்பதால் குழந்தைகள் எடுத்துத் தின்றுவிடுகிறார்கள், இரும்போ கரியில் ஒட்டாது. அதற்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் ஊசி என்று வழியே வேறு. லித்தியம் என்ற மனநல மருந்தும் சாராயமும்கூடக் கரியில் நிற்காது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்குக் கரி கொடுத்தால் வாந்தி வந்து, மண்ணெண்ணெய் நுரையீரலுக்குப் போக வழி செய்துவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட் குடித்திருந்தால் கரி புண்ணை ஆற்றாது, எண்டோஸ்கோப்பியில் புண்ணைப் பார்க்கவும் விடாமல் கறுப்பாக மூடிக்கொள்ளும்.

வீட்டில் என்ன கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், எதுவும் வேண்டாம். அடுப்புக்கரியும் கருக்கிய ரொட்டியும் இந்த வேலையைச் செய்யாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது அதைவிட ஆபத்து, உடம்பில் உப்பு ஏறியே குழந்தை இறந்துபோகலாம். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுங்கள், அட்டையையோ பாட்டிலையோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

கரி குடித்ததோடு அந்தப் பையன் விஷயம் முடியவில்லை. அம்லோடிபின் உச்சத்துக்குப் போகவே ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். விளையாடுகிறானே, வீட்டுக்குப் போகலாமா என்று அப்பா கேட்டார். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மானிட்டர் மாட்டி, அரை மணிக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்தோம், இடையிடையே சர்க்கரையும் பார்த்தோம். இந்த மருந்து ஏறினால் பிரஷர் இறங்கும், சர்க்கரை கூடும். கால்சியம் ஊசி ட்ரேயில் தயாராக இருந்தது. சாயங்காலம் பிரஷர் கொஞ்சம் இறங்கியது, டிரிப்ஸ் ஏற்றியதும் நின்றுகொண்டது. மறுநாள் இரவு வரை வைத்திருந்து, அதற்கு அடுத்த நாள் காலையில் அனுப்பினோம்.

அனுப்பும்போது அம்மாவிடம் இரண்டு சொன்னேன். ஓரிரு நாளைக்கு மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலம் வராமல் வயிறு உப்பினாலோ, இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ உடனே கூட்டிவர வேண்டும்.