விடை சரி, படம் தவறு: இறக்கக்கோணக் கணக்குகளைச் சரிபார்ப்பது எப்படி?

நாகர்கோவிலில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் முக்கோணவியல் சொல்லிக்கொடுக்கும்போது, அவர்களின் குறிப்பேடுகளில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்க்கும் இறக்கக்கோணம் 30° என்று வினாவில் இருந்தால், உச்சியில் செங்குத்துக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவே 30° என்று எழுதிவிடுகிறார்கள். அது இருக்க வேண்டிய இடம், உச்சியிலிருந்து கடலை நோக்கி வரையப்படும் கிடைமட்டக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையே. வினாவில் கோபுரமும் படகும் வருகின்றன. கிடைமட்டக் கோட்டைப் பற்றி ஒரு சொல்கூட வருவதில்லை. ஆகவே மாணவரின் படத்திலும் அந்தக் கோடு இருப்பதில்லை. கோணமோ ஏற்கெனவே வரைந்திருக்கும் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது.

முட்டம் கலங்கரை விளக்கத்தை வைத்து இதைப் பேசினால் நம் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. மேலிருந்து தொடுவானத்தைப் பார்ப்பவரின் பார்வை ஏறக்குறைய கிடைமட்டமாகவே இருக்கும்; கரைக்கு மிக அருகில் கிடக்கும் வள்ளத்தைப் பார்க்கத்தான் தலையை நன்றாகக் குனிய வேண்டும். அதாவது, வள்ளம் விலகிச் செல்லச் செல்ல இறக்கக்கோணம் குறைய வேண்டும். உங்கள் படத்தில் வள்ளத்தை இன்னும் தள்ளி வரைந்து பாருங்கள்: நீங்கள் குறித்த கோணம் பெரிதானால், அது இறக்கக்கோணம் அன்று, அதன் நிரப்புக்கோணம்.

எண்களைக் கொண்டும் இதைச் சோதிக்கலாம். கணக்குக்காக, கடல் மட்டத்திலிருந்து பார்ப்பவரின் உயரம் 60 மீட்டர், இறக்கக்கோணம் 30° என்று கொள்வோம். கோணத்தைச் சரியான இடத்தில் வைத்து, ஒன்றுவிட்ட கோணமாக வள்ளத்தின் இடத்துக்கு மாற்றினால் tan 30° = 60/x; எனவே x = 60√3, ஏறத்தாழ 103.92 மீட்டர். தவறான படத்திலோ tan 30° = x/60 என்றாகி, x = 34.64 மீட்டர் என வரும். கோணம் 45°-க்குக் குறைவாக இருந்தால் கிடைமட்டத் தூரம் உயரத்தைவிட அதிகமாகவே இருக்க வேண்டும். 34.64 என்பது 60-ஐவிடச் சிறியது. ஆகவே படம் தவறு என்பது விடைப்பகுதியைப் புரட்டாமலேயே தெரிந்துவிடும்.

விடைப்பகுதியை மட்டும் நம்புவது ஏன் ஆபத்து என்பதை இரண்டு வள்ளங்கள் வரும் கணக்கு காட்டுகிறது. அதே உயரத்திலிருந்து, ஒரே திசையில் ஒரே நேர்கோட்டில் உள்ள இரு வள்ளங்களின் இறக்கக்கோணங்கள் 60°, 30° என்போம். சரியான படத்தில் அருகிலுள்ளது 34.64 மீட்டரிலும் தொலைவிலுள்ளது 103.92 மீட்டரிலும் இருக்கும். இடைவெளி 40√3, அதாவது 69.28 மீட்டர். தவறான படத்திலும் இதே இரண்டு தூரங்களே கிடைக்கும், ஆனால் இடம் மாறிக் கிடைக்கும்: 30° வள்ளம் அருகிலும் 60° வள்ளம் தொலைவிலும் போய் நிற்கும். இடைவெளி மாறாததால் விடை அப்படியே பொருந்துகிறது. இரு வள்ளங்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை. இரண்டு கோணங்களின் கூடுதல் 90° ஆகும்போதெல்லாம் இந்த மறைவு நிகழும்; 45° தனியாக வந்தாலும் அப்படியே. பயிற்சிக் கணக்குகளில் 30°, 60° சேர்ந்து வருவது மிகுதி என்பதால், பிழையான படத்துடனேயே ஒரு மாணவர் பல கணக்குகளைச் 'சரியாக' முடித்துவிட முடியும்.

எனவே உங்கள் படத்தைச் சோதிக்க 45°, 30° என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டர் உயரத்துக்குச் சரியான இடைவெளி 103.92 − 60 = 43.92 மீட்டர், கோணத்தை இடம் மாற்றி வைத்தவருக்கு 60 − 34.64 = 25.36 மீட்டர் கிடைக்கும். இங்கே பிழைக்கு ஒளிய இடமில்லை.

பிழை தெரிந்தபின் முழுப் படத்தையும் அழிக்க வேண்டியதில்லை. உச்சியிலிருந்து கிடைமட்டக் கோட்டைப் புள்ளிக்கோடாக வரைந்து, அதன் கீழே 30° என்று எழுதி, செங்குத்துக் கோட்டை ஒட்டிய கோணத்தை 60° என்று திருத்தினால் போதும். tan 60° = x/60 என்று தொடர்ந்தாலும் அதே 60√3 வரும்.

ஏற்றக்கோணமும் இறக்கக்கோணமும் ஒரே கணக்கில் வரும்போது கூடுதல் கவனம் தேவை. 12 மீட்டர் உயர வீட்டின் மாடியிலிருந்து, எதிரேயுள்ள கோபுரத்தின் உச்சி 60° ஏற்றக்கோணத்திலும் அடி 30° இறக்கக்கோணத்திலும் தெரிகின்றன என்றால், இடைத்தூரம் 12√3 மீட்டர். மாடிக்கு மேலுள்ள பகுதி 36 மீட்டர். கோபுரத்தின் உயரம் 48 மீட்டர். இறக்கக்கோணத்தை வீட்டின் சுவரோடு சேர்த்துக் குறித்தவருக்கு இடைத்தூரம் 6.93 மீட்டராகச் சுருங்கி, கோபுரமும் 24 மீட்டராகிவிடும். 24 என்ற எண்ணில் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஆனால் 30° கோணத்துக்கு 12-ஐவிடச் சிறிய இடைத்தூரம் வந்திருப்பது உடனே கண்ணில் படும். ஆகவே உயரத்துக்குப் போகுமுன் இடைத்தூரத்திலேயே நின்று சரிபார்த்துவிடுங்கள்.