ஸ்கேனில் நீர்க்கட்டி, நோயாளியிடம் இல்லை: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்று மாலை ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு 23 வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலப்பக்கம் அடிவயிற்றில் வலி வந்திருக்கிறது. குடல்வாலாக இருக்குமோ என்று பயந்து ஒரு மருத்துவமனைக்குப் போக, அங்கே ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். குடல்வாலில் ஒன்றுமில்லை, வலியும் மறுநாள் போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "இரு பக்கமும் பிசிஓடி" என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகக் கருத்தடை மாத்திரை மூன்று அட்டையும் மெட்ஃபார்மினும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "டாக்டரம்மா, பொண்ணு பார்க்க வர்ற ஆவணிக்குள்ள இது சரியாயிடுமா? குழந்தை பிறக்குமா?" என்றுதான் முதலில் கேட்டார். மகள் பேசவே இல்லை.

அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டேன். மாதவிடாய் 28 அல்லது 29 நாளுக்கு ஒருமுறை வருகிறது, கைபேசியில் குறித்து வைத்திருக்கிறாள். இரண்டு வருடக் கணக்கில் 27-க்குக் குறையவோ 31-ஐத் தாண்டவோ இல்லை. கடைசியாக வந்தது மே 20. அப்படியானால் ஸ்கேன் எடுத்தது சுழற்சியின் 13-ஆம் நாள். இந்த 13 என்ற எண்ணை ஃபைலில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

மாத்திரையை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றாள். நல்லதாயிற்று. ஆரம்பித்திருந்தால் கையிலிருக்கும் சோதனைகளில் பாதி பயனில்லாமல் போயிருக்கும். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன், ஆண் ஹார்மோனைப் பிடித்து வைக்கும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தை ஏற்றிவிடும். இயல்பான சுழற்சியும் மறைந்து, அட்டை தீர்ந்ததும் தவறாமல் ரத்தம் வந்து நிற்கும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கு ஆண் ஹார்மோனைச் சரியாக அளக்க வேண்டுமென்றால் மூன்று மாதமாவது நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். எனவே, "அட்டையைப் பிரிக்காதேம்மா, மெட்ஃபார்மினும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 4, புதன்

ராத்திரி அந்தப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வலது சினைப்பை 4.1 × 2.9 × 2.3 செ.மீ. மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் 13.7 மி.லி. வயது வந்த பெண்ணுக்கு 10 மி.லி. அல்லது அதற்கு மேல் என்றால் 'பாலிசிஸ்டிக் தோற்றம்' என்று எழுதலாம். கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் அதே படத்தில் 17 மி.மீ. அளவுக்கு ஒரு ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளரும் சிறு பை, தனியாக உப்பி நிற்கிறது. அந்த மாதம் முட்டையை வெளியிடத் தயாராகும் ஃபாலிக்கிள் அதுதான். 13-ஆம் நாளில் அது இல்லாமலிருந்தால்தான் கவலை. அது மட்டுமே ஏறக்குறைய 2.6 மி.லி. இடம் பிடிக்கும். இப்படிப் பெரிய ஃபாலிக்கிள் இருக்கும் பக்கத்தின் கொள்ளளவைத் தீர்ப்புக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் ரிப்போர்ட்டில் அந்த 17 மி.மீ. பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மீதி இருப்பவை ஓரமாக வரிசைகட்டிய சின்னச் சின்னக் கருப்பு வட்டங்கள், 2 முதல் 9 மி.மீ. வரை. இவற்றைத்தான் நீர்க்கட்டி என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கரைக்கவோ அறுவை செய்து எடுக்கவோ வேண்டியவை அல்ல இவை. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு முட்டை இருக்கிறது. 23 வயதில் இவை நிறைய இருப்பது வயதுக்கு ஏற்றதுதான். வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும்.

எத்தனை இருந்தால் அதிகம் என்ற கோடும் நகர்ந்தபடியே வந்திருக்கிறது. 2003-இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் ஒரு சினைப்பையில் 12 என்று வைத்தார்கள். ஸ்கேன் கருவிகள் நுட்பமாக ஆக ஆக, முன்பு தெரியாத பொடி வட்டங்களும் தெரிய ஆரம்பித்தன. உடம்பில் எந்தக் குறையும் இல்லாத பெண்கள் கூட்டமாக 12-ஐத் தாண்டினார்கள். அதனால் 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், நல்ல கருவியில் யோனி வழியாக எடுத்தால் 20 என்று உயர்த்தியது. பெண்கள் மாறவில்லை, கருவிதான் மாறியது. நம் ஊரில் கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேலேதான் எடுக்கிறோம். தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு எடுக்கும் அந்த ஸ்கேனில் வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணுவது நம்பகமானதல்ல. கொள்ளளவைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். "ஏராளமான ஃபாலிக்கிள்கள்" என்று எண்ணிக்கையே இல்லாமல் எழுதியிருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஜூன் 10, செவ்வாய்

அவளுடைய 22-ஆம் நாள். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்பு என்பதால் இன்று புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை. மாதாமாதம் ஒழுங்காக வந்தாலும் முட்டை வெளியாகாமல் இருப்பவர்கள் உண்டு. அதனால் காலண்டரை மட்டும் நம்பாமல் பார்த்துவிடுவது நல்லது. 3-க்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது என்று பொருள். சாயங்காலமே ரிசல்ட் வந்துவிட்டது: 11.2 நானோகிராம்.

முடி வளர்ச்சியையும் இன்றே பார்த்தேன். இதில் கவனம் வேண்டும், ஏனென்றால் பார்லருக்குப் போய் வந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் த்ரெட்டிங், வாக்சிங் பற்றிக் கேட்டேன். புருவம் மட்டும்தான் என்றாள். மேலுதடு, தாடை, மார்பு, தொப்புளுக்குக் கீழ், தொடை என்று ஒன்பது இடங்களுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 2 வந்தது. 4 முதல் 6 வரை எட்டினால்தான் அதிகம் என்று யோசிக்க ஆரம்பிப்போம். முகப்பரு இல்லை. தலைமுடி கொட்டுகிறது என்று அம்மா சொன்னார், ஆனால் உச்சியில் வகிடு அகலவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இதற்கு நேர்மாறான ஒருவர் இன்று வந்தார். 29 வயது, ஆசிரியை. எங்கோ எடுத்த ஸ்கேனில் சினைப்பைகள் இயல்பு என்று எழுதியிருக்க, ஒன்றுமில்லை என்று இரண்டு வருடமாக அனுப்பிவிட்டிருக்கிறார்கள். மாதவிடாய் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தாடையில் வாரத்துக்கு ஒருமுறை முடி எடுக்கிறார். தைராய்டு, புரோலாக்டின், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் மூன்றும் சரியாக இருந்தால் இவருக்கு இருப்பது பிசிஓஎஸ்தான், ரிப்போர்ட்டுகளில் பிசிஓடி என்று எழுதுகிற அதே நோய். மூன்று அடையாளங்களில் இரண்டு போதும்: முட்டை வெளியாவதில் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, படம். முதல் இரண்டும் இருக்கும்போது படம் தேவையே இல்லை. இவருக்குச் சர்க்கரைச் சோதனையும் உடனே வேண்டும், எழுதிக் கொடுத்தேன். படம் 'நன்றாக' இருந்ததால் இரண்டு வருடம் வீணாகிவிட்டது என்பது எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம், 14 வயதுச் சிறுமியை ஸ்கேனுக்கு எழுதித் தரச் சொல்லி ஒரு தந்தை கேட்டார். வயதுக்கு வந்து இரண்டு வருடம், 40 நாளுக்கு ஒருமுறை வருகிறது. அந்தக் கட்டத்தில் 45 நாள் வரை இயல்புதான். பூப்பெய்தி எட்டு வருடம் ஆகும்வரை பிசிஓஎஸ் என்று முடிவு செய்ய ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான சினைப்பையே அப்படித்தான் தெரியும். எழுதித் தரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அந்தப் பெண்ணுக்கு 17-ஆம் தேதி மாதவிடாய் வந்துவிட்டது, 28 நாள். இன்று நான்காம் நாள் என்பதால் பெரிய ஃபாலிக்கிள் எதுவும் குறுக்கே வராது. எனக்குப் பழக்கமான ஸ்கேன் மருத்துவரிடம் அனுப்பி, மூன்று அளவும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னேன்.

வலது 3.7 × 2.6 × 2.2, அதாவது 10.6 மி.லி. இடது 8.1. பெரிய ஃபாலிக்கிள் இல்லை, முட்டை வெளியான இடத்தில் உருவாகும் மஞ்சள் திட்டும் இல்லை. ஒரு பக்கம் 10-ஐத் தொட்டாலே போதும் என்பதால், முறையாக எடுத்த பிறகும் இவளுடையது பாலிசிஸ்டிக் தோற்றம்தான். இது எனக்கு ஒருவகையில் பிடித்திருந்தது. 'முதல் ஸ்கேன் தப்பு' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல், படம் உண்மையாக இருக்கும்போது என்ன சொல்வது என்பதை அந்த அம்மாவுக்கு விளக்கியாக வேண்டும்.

காலையிலேயே ரத்தமும் எடுத்தாயிற்று. 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று லேப்பில் நேரடியாக அளப்பதைப் பெண்களின் குறைந்த அளவுகளில் நம்ப முடியாது. அதனால் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் எஸ்ஹெச்பிஜியும் கேட்டிருக்கிறேன். மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 24, செவ்வாய்

டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 32 நானோகிராம், அதாவது லிட்டருக்கு 1.11 நானோமோல். எஸ்ஹெச்பிஜி அதே அலகில் 48. வகுத்து நூறால் பெருக்கினால் 2.3. பொதுவாக 5-க்கு மேல் போனால்தான் ஆண் ஹார்மோன் அதிகம் என்போம்.

ஆக மூன்றில் ஒன்று மட்டும் இருக்கிறது, அதுவும் படம். இவளுக்குப் பிசிஓஎஸ் இல்லை.

அம்மாவுக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது. அவர் தெளிவாகவே கேட்டார்: "அப்போ ஸ்கேன்ல தெரியுதே டாக்டரம்மா, அது பொய்யா?" பொய் இல்லை என்றேன். 1988-லேயே லண்டனில் எந்தப் புகாரும் இல்லாத பெண்களைக் கூட்டி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒருவரைவிடச் சற்று அதிகமானோருக்கு இதே படம் இருந்தது. 1935-இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் இருவரும் முதலில் விவரித்ததும் வெறும் சினைப்பையை அல்ல. மாதவிடாய்க் கோளாறு, முடி வளர்ச்சி, குழந்தையின்மை போன்ற புகார்களோடு வந்த ஏழு பெண்களைத்தான். அவர்களிடம் பெரிய சினைப்பையும் இருந்தது. அந்தப் புகார்களெல்லாம் இல்லாதபோது சினைப்பையை மட்டும் வைத்து அதே பெயரைச் சூட்ட முடியாது. வரலாறு அவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது, ஐந்தில் ஒருவர் என்பது சேர்ந்தது. "எங்க வீட்டுலயே அக்கா தங்கச்சி அஞ்சு பேரு" என்றார்.

மகள் முதன்முறையாகக் கேட்டாள்: "எனக்கு எதிர்காலத்துல இதனால ஏதாவது வருமா மேடம்?" முட்டை மாதாமாதம் வெளியாகிறது, அதனால் கருத்தரிப்பதற்கு இந்தப் படம் தடையில்லை என்றேன். என்றைக்காவது வேறு ஏதாவது காரணத்துக்காகச் சோதனைக்குழாய் சிகிச்சை செய்ய நேர்ந்தால், இந்தப் படத்தை அந்த மருத்துவரிடம் அவசியம் காட்ட வேண்டும். ஃபாலிக்கிள் அதிகமுள்ள சினைப்பை ஊசிமருந்துக்கு அளவுக்கு மீறி வீங்கிவிடும், மருந்தின் அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டியிருக்கும். இந்தப் படத்தால் இன்றைக்குப் பயன் என்றால் அது ஒன்றுதான்.

மாத்திரை வேண்டாம். வருடாவருடம் ஸ்கேனும் வேண்டாம், எடுத்தால் அதே படம்தான் வரும். மாதவிடாய் 35 நாளைத் தாண்ட ஆரம்பித்தாலோ, தாடையில் கெட்டி முடி வந்தாலோ வரச் சொன்னேன். ஃபைலில் "பாலிசிஸ்டிக் தோற்றம் மட்டும், பிசிஓஎஸ் இல்லை, முட்டை வெளியாவது உறுதி" என்று எழுதி, அதே வரியை ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஓரத்திலும் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தக் காகிதத்தைத்தானே முதலில் நீட்டுவார்கள்.